ஓடாமல் நிற்கும் கன்வேயரில் கை வைக்கும் முன்: பூட்டு போடும் முறை

தானியங்கி கன்வேயர் லைனில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்த லைன் தானாகவே நிற்கும், தானாகவே கிளம்பும். பழைய கன்வேயரில் ஒருவர் சுவிட்சைப் போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். இப்போதைய லைனை ஓட்டுவது பேனலுக்குள் இருக்கும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினி. பெட்டி வந்ததா, முன்னால் இடம் இருக்கிறதா என்று சென்சார்கள் சொல்லச் சொல்ல அது ஒவ்வொரு பெல்ட்டையும் ஓட்டும், நிறுத்தும்.

ஒரு பெல்ட் அசையாமல் நிற்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அடுத்த கன்வேயரில் பெட்டிகள் நிறைந்திருக்கலாம். கொஞ்ச நேரமாகப் பெட்டியே வராததால், மின்சாரத்தை மிச்சப்படுத்த நின்றிருக்கலாம். எங்கோ ஒரு சென்சார் மறைபட்டிருக்கலாம். மெய்யாகவே மின்சாரம் இல்லாமலும் போயிருக்கலாம். வெளியே நின்று பார்க்கிற உங்களுக்கு இவை எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும்.

அட்டைப்பெட்டி ஒன்று குறுக்கே திரும்பி, பக்கத் தடுப்பில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மூலை சென்சாரின் ஒளியை மறைக்கிறது. இடம் நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பி.எல்.சி. பெல்ட்டை நிறுத்துகிறது. நீங்கள் போய்ப் பெட்டியைப் பிடித்து இழுக்கிறீர்கள். அது நகர்ந்ததும் சென்சாருக்கு வழி கிடைத்துவிடுகிறது. ஓரிரு வினாடியில் பெல்ட் கிளம்புகிறது. உங்கள் கை இன்னும் பெட்டியின் மேல்தான் இருக்கிறது. அதாவது, லைனைக் கிளப்பிவிட்டதே நீங்கள்தான். நிமிடத்துக்கு 30 மீட்டர் என்பது பார்க்க நிதானமான வேகம். ஆனால் பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவே விரல் நுனி சிக்கினால், முழங்கை வரை உள்ளே போக ஒரு வினாடி கூட ஆகாது.

இதனால்தான் ஓடும் பாகங்களை மூடியிருக்கும் காவலைக் கழற்றும் வேலை, கையோ உடம்போ உள்ளே போகும் வேலை எதுவானாலும் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டு போட்ட பிறகே தொட வேண்டும் என்கிறோம். தொழிற்சாலைகளில் இதை லாக் அவுட் என்பார்கள். பழுது பார்ப்பவர்களுக்கு மட்டுமான விதி இல்லை இது. உருளையில் சுற்றிய டேப்பை அறுக்கப் போகிறவருக்கும், பெல்ட்டுக்கு அடியில் குப்பை எடுக்கப் போகிறவருக்கும் இதே விதிதான்.

சிவப்பு பட்டன் போதாதா?

போதாது. எமர்ஜென்சி பட்டனும், லைன் ஓரமாகப் போகிற இழுகயிறும் விபத்து நடக்கும்போது உடனே நிறுத்துவதற்காக வைத்தவை. அவற்றை அழுத்தினால் கட்டுப்பாட்டுச் சுற்று துண்டிக்கப்பட்டு மோட்டார் நிற்கும். ஆனால் பேனலுக்குள் 415 வோல்ட் அப்படியே வந்து நின்றுகொண்டிருக்கும். பட்டன் ஏன் அழுந்தியிருக்கிறது என்று தெரியாத ஒருவர் அதைத் திருகி விடுவித்து ரீசெட் கொடுத்தால் லைன் மறுபடி கிளம்பத் தயாராகிவிடும். நீளமான லைனில் நீங்கள் கீழே குனிந்திருப்பது அந்தக் கோடியில் நிற்கிறவருக்குத் தெரியவே தெரியாது. காவல் கதவைத் திறந்தால் லைனை நிறுத்தும் சுவிட்சுக்கும், திரையில் தொட்டு நிறுத்துவதற்கும் இதே பதில்தான்.

மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி தவறுதலாக ஆன் ஆகக்கூடியதாக இருந்தால், அதைப் பாதுகாப்பான நிலையில் பூட்டி வைக்க வழி செய்திருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 24ஆம் பிரிவில் சொன்னது. மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான ஐசோலேட்டரின் கைப்பிடியில் பூட்டு நுழைகிற துளை இருப்பது இதற்காகத்தான். துளை இல்லாத ஐசோலேட்டரைப் பார்த்தால் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை

பூட்ட வேண்டிய ஒவ்வோர் இடத்துக்கும் உங்களுக்கென்று ஒரு பூட்டு, அதற்கு ஒரே ஒரு சாவி. அந்தச் சாவி உங்கள் பையில்தான் இருக்க வேண்டும். மேஜை டிராயரிலோ கூட்டாளியிடமோ மாற்றுச் சாவி இருந்தால் அந்தப் பூட்டுக்கு மதிப்பே இல்லை. லாக் அவுட் பூட்டைச் சைக்கிளுக்கோ லாக்கருக்கோ பயன்படுத்தக் கூடாது, தனியாக நிறம் கொடுத்து வைத்திருப்பார்கள். பூட்டோடு ஒரு டேக் தொங்கும். அதில் உங்கள் பெயர், பிரிவு, என்ன வேலை, எந்த நேரம் பூட்டினீர்கள் என்று எழுத வேண்டும். டேக்கை மட்டும் மாட்டிவிட்டுப் போவது செல்லாது. கைப்பிடி திரும்பாமல் தடுப்பது பூட்டுதான். டேக் அதைப் போட்டது யார் என்று சொல்லும், அவ்வளவே.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யும் வேலைக்கு ஹாஸ்ப் வேண்டும். ஐசோலேட்டரில் மாட்டும் இந்தக் கொக்கியில் பல துளைகள் இருக்கும், ஆளுக்கு ஒரு பூட்டு போடலாம். கடைசிப் பூட்டு கழன்றால்தான் கொக்கி திறக்கும். காற்று வால்வுக்கு அதற்குப் பொருத்தமான பூட்டு உறை தனியாக இருக்கும்.

ஒரு வேலையை முழுக்கப் பார்ப்போம்

பிஸ்கட் பெட்டிகளைக் கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்கு ஏற்றும் ஒரு லைனை எடுத்துக்கொள்கிறேன். பேக்கிங் முடிந்த பெட்டிகள் சமதள கன்வேயரில் வரும். அங்கிருந்து ஏற்ற கன்வேயர் அவற்றை மேலே கொண்டுபோகும். மேல்முனையில் காற்றழுத்தத்தால் இயங்கும் ஒரு நியூமேடிக் புஷர் பெட்டியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஏற்ற கன்வேயரின் கீழ்முனை உருளையில் பேரிங் கரகரவென்று சத்தம் போடுகிறது, மாற்ற வேண்டும். ஃபிட்டர் ஒருவர், உதவியாளர் ஒருவர், எலக்ட்ரீஷியன் ஒருவர். இவர்கள் வேலையை எப்படித் தொடங்க வேண்டும்?

*முதல் படி: எங்கெல்லாம் சக்தி இருக்கிறது என்று பார்ப்பது.* அந்த லைனுக்கான லாக் அவுட் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கீழ்முனையிலிருந்து மேல்முனை வரை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். ஏற்ற கன்வேயரின் மோட்டார் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். தவறிப்போவது மற்றவைதான். சமதள கன்வேயரின் முனை, நாம் கை வைக்கப்போகும் உருளைக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. அது ஓடினால் பெட்டி நம் கைமேல் வந்து இறங்கும். ஆகவே அதையும் பூட்ட வேண்டும். மேல்முனைப் புஷருக்குக் காற்று போகிறது. ஏற்றத்தில் நிற்கும் பெட்டிகளின் எடையே ஒரு சக்தி, அதற்குச் சுவிட்ச் கிடையாது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தி ஓட்டும் வி.எஃப்.டி. டிரைவுக்குள் மின்சாரம் சேர்ந்திருக்கும்.

பேரிங் இருப்பது கீழ்முனையில், புஷர் மேல்முனையில். அதை ஏன் பூட்ட வேண்டும் என்று உதவியாளர் கேட்கலாம். பெல்ட்டைத் தளர்த்தும்போது ஒருவர் மேல்முனைக்குப் போய் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டியிருக்கும், அதனால்தான். 63 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டர் 6 பார் காற்றில் தள்ளினால், சுமார் 190 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். அதற்கும் தடுப்புக்கும் நடுவே நிற்கிறவருக்கு நகர நேரம் கிடைக்காது.

*இரண்டாவது: சொல்வது.* லைன் ஆபரேட்டர், ஷிஃப்ட் சூப்பர்வைசர், முன்னும் பின்னும் உள்ள லைன்களில் நிற்பவர்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டும். “தம்பி, ஏத்தத்துல பேரிங் மாத்துறோம். நான் வந்து சொல்ற வரைக்கும் எதையும் ரீசெட் பண்ணாதே” என்று ஃபிட்டர் நேரில் சொல்ல வேண்டும். “சரிண்ணே” என்று பதில் வந்த பிறகு அடுத்த படிக்குப் போகலாம். வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன் என்பது இதற்குச் சரிப்படாது.

*மூன்றாவது: முறையாக நிறுத்துவது.* சமதள கன்வேயரில் பெட்டி வருவதை நிறுத்திவிட்டு, ஏற்றத்தில் உள்ளவை எல்லாம் மேலே போகும்வரை ஓட விடுங்கள். காலியான பெல்ட்டுக்கு எடையால் வரும் பிரச்சினை பாதி குறைந்துவிடும். பிறகு வழக்கமான ஸ்டாப் பட்டனால் நிறுத்துங்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐசோலேட்டரைத் திருப்பினால் உள்ளே தீப்பொறி பறக்கும்.

*நான்காவது: துண்டிப்பதும் பூட்டுவதும்.* ஏற்ற கன்வேயர், சமதள கன்வேயர் இரண்டின் ஐசோலேட்டர்களையும் ஆஃப் நிலைக்குத் திருப்ப வேண்டும். திருப்பும்போது பேனலுக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். அடுத்து, காற்று இணைப்பில் இருக்கும் பூட்டு வால்வை மூடுங்கள். இந்த வால்வு மூடும்போதே உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிடும். புஸ்ஸென்று சத்தம் கேட்கும். சாதாரண பால் வால்வு அப்படிச் செய்யாது. வரும் காற்றை மட்டும் நிறுத்திவிட்டு, குழாயிலும் சிலிண்டரிலும் இருப்பதை அப்படியே அடைத்து வைத்துக்கொள்ளும். மூன்று இடங்களிலும் ஹாஸ்ப் மாட்டி, மூன்று பேரும் ஆளுக்கொரு பூட்டு போட வேண்டும். உதவியாளர் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் அவருக்கும் தனிப் பூட்டு உண்டு. “அண்ணன் பூட்டு போட்டிருக்காரே, எனக்கெதுக்கு” என்பது வேண்டாம். அண்ணன் வேலை முடிந்து பூட்டைக் கழற்றும்போது நீங்கள் இன்னும் பெல்ட்டுக்கு அடியில் இருக்கலாம்.

*ஐந்தாவது: மிச்சம் இருக்கும் சக்தியை வெளியேற்றுவது.* காற்றுமானி பூஜ்ஜியத்தைக் காட்டுகிறதா பாருங்கள். சில சிலிண்டர்களின் வாயிலேயே ஒருவழி வால்வு இருக்கும். அப்படி இருந்தால், குழாயில் காற்று போன பிறகும் சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கும், அதைத் தனியாக விட வேண்டும். உங்கள் லைனில் காற்றால் தூக்கி நிற்கும் மேஜை இருந்தால் வரிசை மாறும். முதலில் முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் காற்றை விட வேண்டும், இல்லையென்றால் மேஜை உங்கள் கண்முன்னே இறங்கிவிடும்.

வி.எஃப்.டி. டிரைவின் மின்தேக்கிகள் வடிய நேரம் வேண்டும். எத்தனை நிமிடம் என்று டிரைவின் மூடியிலேயே ஒட்டியிருப்பார்கள். 5 நிமிடமும் உண்டு, 15 நிமிடமும் உண்டு, அதில் உள்ளதைப் பின்பற்றுங்கள். பேனலைத் திறந்து அளப்பது எலக்ட்ரீஷியனின் வேலை. அவர் டெஸ்டரை மின்சாரம் இருக்கும் ஓர் இடத்தில் வைத்து முதலில் சோதிப்பார், பிறகு நம் சுற்றில் அளப்பார், மறுபடி முதல் இடத்தில் வைத்துப் பார்ப்பார். நேரத்தை வீணடிப்பதாக நினைக்க வேண்டாம். டெஸ்டரே கெட்டுப்போயிருந்தால் அதுவும் மின்சாரம் இல்லை என்றுதான் காட்டும்.

ஏற்ற பெல்ட்டைத் தளர்த்தும் முன் கிளாம்ப் போட்டுச் சட்டத்தோடு பிடித்துவைக்க வேண்டும். மோட்டாரின் பிரேக்கையோ கியர்பாக்ஸையோ நம்பிப் பெல்ட் கீழே வராது என்று இருந்துவிடக் கூடாது. செயினைக் கழற்றிய நிமிடமே அந்தப் பிடி போய்விடும்.

பூட்டிய பிறகு கிளப்பிப் பார்ப்பது

இதைத்தான் மிக அதிகமாக விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் எல்லாப் படிகளிலும் முக்கியமானது இதுதான். பூட்டியாகிவிட்டது, ஆட்கள் எல்லோரும் விலகி நிற்கிறார்கள், இப்போது ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். எதுவும் அசையக் கூடாது.

ஆனால் இதையும் சரியாகச் செய்யாவிட்டால் ஏமாந்துபோவோம். எமர்ஜென்சி பட்டன் அழுந்தியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டார்ட் அழுத்துகிறீர்கள், லைன் அசையவில்லை. அசையாததற்குக் காரணம் உங்கள் பூட்டா, அந்தப் பட்டனா? சொல்ல முடியாது. காவல் கதவு திறந்திருந்தாலும் இதே கதை. ஆட்டோ முறையில் இருந்தால் இன்னும் மோசம். பெட்டி வராத பெல்ட்டை பி.எல்.சி. ஓட்டவே ஓட்டாது, மின்சாரம் இருந்தாலும் சரி. ஆகவே எமர்ஜென்சி பட்டன்களை விடுவித்து, காவல்களை மூடி, ரீசெட் கொடுத்து, மேனுவல் முறைக்கு மாற்றி, ஒவ்வொரு கன்வேயரையும் தனித்தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். புஷரையும் ஒருமுறை தள்ளச் சொல்லிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தும் எதுவும் அசையாவிட்டால்தான் பூட்டு வேலை செய்கிறது என்று அர்த்தம். பிறகு எல்லாச் சுவிட்சுகளையும் மறக்காமல் ஆஃபுக்குக் கொண்டுவாருங்கள்.

நம் உதாரணத்துக்கு வருவோம். ஃபிட்டர் மேனுவலில் சமதள கன்வேயரை அழுத்துகிறார், அசையவில்லை. ஏற்றத்தை அழுத்துகிறார், பெல்ட் ஓடுகிறது! தாளில் உள்ள எண்ணும் ஐசோலேட்டரின் லேபிளும் பொருந்துகின்றன, பூட்டும் சரியாகத் தொங்குகிறது. பிறகு எப்படி? லைனை நீட்டியபோது புதிய கன்வேயருக்கு இணைப்பு கொடுத்த இடத்தில் வயர்கள் மாறிவிட்டன, லேபிளை யாரும் மாற்றவில்லை. அந்தப் பூட்டு வேறு எதையோ பூட்டிக்கொண்டிருக்கிறது. கிளப்பிப் பார்க்காமல் காவலைக் கழற்றியிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

இப்படி நடந்தால் பக்கத்தில் இருக்கும் ஐசோலேட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்துத் தேடாதீர்கள். வேலையை நிறுத்துங்கள். எலக்ட்ரீஷியன் வயரைப் பின்தொடர்ந்து உண்மையான ஐசோலேட்டரைக் கண்டுபிடிக்கட்டும். லேபிளையும் தாளையும் அப்போதே திருத்த வேண்டும். அதற்குப் பிறகு பூட்டுவதிலிருந்து கிளப்பிப் பார்ப்பது வரை எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

வேலை நடக்கும்போது

ஷிஃப்ட் மாறும் நேரம் கவனம். புதிதாக வருகிறவர் முதலில் தன் பூட்டைப் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் போகிறவர் தன் பூட்டைக் கழற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஐசோலேட்டர் ஒரு நிமிடம்கூடப் பூட்டில்லாமல் இருக்கக் கூடாது. வருகிறவர் தன் பங்குக்குக் கிளப்பியும் பார்த்துக்கொள்ளலாம், ஆட்கள் விலகிய பிறகு. அவர் அப்படிக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பேரிங் மாற்றி முடித்ததும் பெல்ட் ஒரு பக்கமாக ஓடுகிறதா என்று பார்த்து நேராக்க வேண்டும். இதைப் பெல்ட் ஓடும்போதுதான் பார்க்க முடியும், பூட்டிக்கொண்டே செய்ய முடியாது. பல ஊழியர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். கருவிகளை எடுத்துவிட்டு, கிளாம்பைக் கழற்றி, காவலை மாட்டி, ஆட்களை எண்ணிப் பார்த்து, பூட்டுகளைக் கழற்றி, ஓட்டுங்கள். சரிசெய்யும் போல்ட் காவலுக்கு வெளியே இருந்தால் ஓடும்போதே கால் திருப்பு திருப்பிவிட்டுப் பெல்ட் சில சுற்று போகட்டும், பிறகு பாருங்கள். போல்ட் காவலுக்கு உள்ளே இருந்தால் ஒவ்வொரு திருப்புக்கும் நிறுத்த வேண்டும், பூட்ட வேண்டும், திருப்ப வேண்டும், மூட வேண்டும், ஓட்டிப் பார்க்க வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும். போல்ட்டை வெளியே நீட்டித் தரச் சொல்லி மெயின்டனன்ஸ் பிரிவிடம் கேட்பதுதான் இதற்கு நிரந்தர வழி. காவலைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவது வழியில்லை.

திரும்ப ஓட்டுவது

ஸ்பானர், துணி, பழைய பேரிங் எல்லாம் வெளியே வந்துவிட்டனவா பாருங்கள். காவல்களின் எல்லா போல்ட்டும் மாட்டியிருக்க வேண்டும். கிளாம்பைக் கழற்ற மறந்துவிட்டு ஓட்டினால் பெல்ட் கிழியும். ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லோரும் வெளியே இருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆபரேட்டருக்கும் பக்கத்து லைன்காரர்களுக்கும் மறுபடி தகவல் சொல்லிவிட்டு, அவரவர் பூட்டை அவரவரே கழற்ற வேண்டும். காற்றை மெல்லத் திறந்துவிடுங்கள். திடீரென்று திறந்தால், பாதியில் நின்ற புஷர் விருட்டென்று முழுத் தூரமும் போகும். அப்புறம் மின்சாரம் கொடுத்து, மேனுவலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு ஆட்டோவுக்கு மாற்றுங்கள்.

ஒருவர் பூட்டைக் கழற்றாமல் வீட்டுக்குப் போய்விட்டால்? உற்பத்தி நிற்கிறதே என்று கட்டரை எடுத்துக்கொண்டு யாரும் போகக் கூடாது. சூப்பர்வைசர்தான் இதைக் கையாள வேண்டும். முதலில் அந்த ஆள் தொழிற்சாலைக்குள் எங்கும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். கேட்டில் வெளியேறிய பதிவைப் பார்த்துவிட்டு, லைனைச் சுற்றியும் தேட வேண்டும். போனில் பிடித்து விஷயத்தைச் சொல்ல முயல வேண்டும். அதன்பின் நிர்வாகம் வகுத்த முறைப்படி, எழுத்தில் பதிந்துவிட்டுப் பூட்டை நீக்கலாம். பூட்டு எடுக்கப்பட்டது என்ற செய்தி, மறுநாள் அவர் லைன் பக்கம் போவதற்கு முன்பே அவரிடம் சேர்ந்துவிட வேண்டும். இல்லாவிட்டால், தன் பூட்டு இன்னும் தொங்குகிறது என்று நம்பி அவர் நேராகப் போய்க் காவலைக் கழற்றுவார்.